முன்னுரையிலிருந்து வெளியேறிய பதினோரு அத்தியாயங்கள்

தமிழ் இலக்கியம் படித்துவிட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் சிரிக்காத ஆளே கிடையாது. "தமிழ் படிச்சிட்டு அங்க போய் இன்னா பண்ற, மெஷினுக்குப் பாட்டு சொல்லித் தர்றியா?" என்று என் மாமனார் ஊட்டுக் கல்யாணத்தில் ஒருவர் கேட்டார். பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையை மூடிவிட்டு எழுந்து போயிருப்பேன், பாயசம் வராததால் பொறுத்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பல வருஷம் ஆயிற்று. பதில் ஒரே ஒரு பக்கம்தான். அது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன், கொஞ்சம் பெருமையாகவே.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஆலை எங்களுடையது. வரிசையாகப் பெரிய பிரஸ்கள், அவற்றுக்குக் கீழே வெட்டுத் துண்டுகளை வெளியே கொண்டுபோகும் கன்வேயர். நான் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அடையாள அட்டை, பயிற்சி வருகைப் பதிவேடு, தேநீர் ஏற்பாடு, சான்றிதழில் பெயர் பிழையில்லாமல் அடிப்பது, இதெல்லாம் என் வேலை. இதற்கு மேல், ஆலையில் யாருக்காவது தமிழில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றால் நேராக என் மேசைக்கு வருவார்கள். லீவு லெட்டர், பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம், ஒருமுறை பெண் வீட்டாருக்கு ஒரு மறுப்புக் கடிதம்கூட எழுதிக் கொடுத்திருக்கிறேன். கவரைப்பேட்டையில் ரயில் ஏறி வருவதற்குள் அன்றைக்கு யாருக்கு என்ன எழுத வேண்டும் என்று மனசுக்குள் பாதி எழுதி முடித்திருப்பேன்.

எங்கள் பாதுகாப்புக் கையேடு மறுபதிப்புக்கு வந்தபோது அதன் முன்னுரையை என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்தவர் சேஃப்டி ஆபீசர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது அவருக்கு. ஒரு குறை சொல்ல முடியாத மனிதர். ஆலைக்குள் ஒரு போல்ட் கீழே கிடந்தாலும் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். முன்னுரையை எழுதியவரும் அவர்தான். கையெழுத்து மட்டும் ஆலை மேலாளருடையது.

"ஏம்மா, ஒற்று எங்க வரும், எங்க வராதுன்னு மட்டும் பாரு. விஷயத்துல கை வெச்சிடாத" என்றார்.

நான்கு பக்கம். முதல் பத்தியில் பாதுகாப்பின் பெருமை. இரண்டாவது பத்தியில் தொடங்கி, முதல் அத்தியாயம் இன்னதைக் கூறுகிறது, இரண்டாம் அத்தியாயம் இன்னதை விளக்குகிறது, மூன்றாம் அத்தியாயம் இன்னதை வலியுறுத்துகிறது என்று பதினோரு அத்தியாயமும் வரிசையாக வந்து வணக்கம் வைத்துவிட்டுப் போயின. கடைசியில் "அனைவரும் பயன்பெறுக". நான் ஒற்றுகளைப் போட்டேன், எடுத்தேன். போடும்போதே ஒரு தொல்லை கண்ணில் பட்டது. மறுபதிப்பில் கிரேனுக்கு ஒரு புது அத்தியாயம் மூன்றாவதாகச் சேர்ந்திருந்தது. அதனால் பின்னால் இருந்தவை எல்லாம் ஓர் எண் தள்ளிப் போயிருந்தன. முன்னுரை ஐந்தாவது என்று சொல்வது புத்தகத்தில் ஆறாவது. ஆறாவது என்பது ஏழாவது. புத்தகத்தில் எதை மாற்றினாலும் இந்த நான்கு பக்கத்தையும் திரும்ப மாற்ற வேண்டும். தலையில் அடித்துக்கொண்டு எண்களைத் திருத்தினேன். அவ்வளவோடு கொடுத்திருந்தால் இந்தக் கதை இல்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் பராமரிப்புப் பிரிவின் ஃபிட்டர் அண்ணன் என் மேசைக்கு வந்தார். பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் தரப்பில் உட்காருகிறவர் அவர். கூடவே ஓர் அக்கா. பேக்கிங்கில் பல வருஷம் இருந்துவிட்டுக் கன்வேயர் பக்கம் மாற்றப்பட்டவர். வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. விஷயம் எனக்கும் தெரியும், ஆலை முழுக்கத் தெரியும். மாற்றிய முதல் வாரத்திலேயே கன்வேயரில் துண்டு சிக்கியிருக்கிறது. இவர் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டுக் கை விட்டிருக்கிறார். மறுமுனையில் இருந்தவருக்கு இவர் தெரியவில்லை. பெல்ட் ஏன் நிற்கிறது என்று பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார். கையுறை பெல்ட்டில் சிக்கி விரலை இழுத்துவிட்டது. நகம் போய், தையல் போட்டு, எலும்பு தப்பியது.

"மெமோ குட்துக்கீறாங்க மா. பாதுகாப்பு விதிய மீறினாங்களாம். விளக்கம் எழுதணும்" என்றார் அண்ணன்.

அக்கா மெமோவை மேசையில் வைத்தார். 'கையேட்டில் தெளிவாகக் கூறப்பட்டுள்ள நடைமுறையைப் படித்து, கையொப்பமிட்டிருந்தும்' என்று ஆரம்பித்து, உரிய விளக்கம் இல்லையென்றால் ஒழுங்கு நடவடிக்கை என்று முடிந்தது. ஒழுங்கு நடவடிக்கை என்றால் எங்கள் ஆலையில் வேலை நீக்கம் வரைக்கும் போகும். அக்காவின் வீட்டுக்காரர் இறந்து போய்விட்டார். சம்பளம் வருகிற ஒரே கை, கட்டுப் போட்டிருந்த அந்தக் கை.

"நீங்க என்னக்கா பண்ணீங்க, அப்படியே சொல்லுங்க. நான் எழுதறேன்" என்றேன்.

"புக்குல சொன்னதத்தான் மேடம் செஞ்சேன். மெஷினை நிறுத்திட்டுத்தான் சுத்தம் பண்ணணும்னு படிச்சுக் காட்னாங்கல்ல? நிறுத்துனேன். அப்புறம் இன்னா தப்பு?"

"புக்குல அப்படியா இருக்கு?"

"நீங்களும்தானே மேடம் அங்க இருந்தீங்க. டீ குட்துக்கினு இருந்தீங்க."

ஐயோ. உண்மைதான். எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. சேருகிற நாளன்றும், வருஷா வருஷம் பாதுகாப்பு வாரத்திலும், எல்லாரையும் பயிற்சி அறையில் உட்கார வைத்து முன்னுரையைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள். முழுப் புத்தகத்தையும் படிக்க நேரம் கிடையாது. முன்னுரையில்தான் எல்லா அத்தியாயமும் இருக்கிறதே. படித்து முடித்ததும் புத்தகத்தின் கடைசித் தாளில் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று கையெழுத்து. அந்தத் தாளைக் கிழித்து வாங்கி அடுக்கி வைப்பது யார்? நான்தான். அக்கா கையெழுத்துப் போட்ட தாளும் என் அலமாரியில்தான் இருந்தது.

மேசையில் திருத்திக்கொண்டிருந்த முன்னுரையை இழுத்துப் பார்த்தேன். காலையில்தான் அந்த வரியில் ஐந்தை ஆறாக மாற்றியிருந்தேன். 'ஆறாம் அத்தியாயம், இயந்திரத்தை நிறுத்திய பின்னரே சுத்தம் செய்ய வேண்டும் என்பதை வலியுறுத்துகிறது.' பிறகு ஆறாம் அத்தியாயத்தைப் புரட்டினேன். பொத்தானை அழுத்தி நிறுத்து. மெயின் சுவிட்சை அணை. அதில் உன்னுடைய பூட்டைப் போடு. சாவி உன் பையில் இருக்கட்டும். உன் பெயர் எழுதிய அட்டையை மாட்டு. பச்சைப் பொத்தானை ஒருமுறை அழுத்தி, ஓடவில்லை என்று சோதித்துப் பார். பிறகுதான் கை வை. வேலை முடிந்ததும் பூட்டியவரே பூட்டைத் திறக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. படத்தோடு, பக்கம் பக்கமாக, அவ்வளவு அழகாக எழுதியிருந்தார் சேஃப்டி ஆபீசர். அதையே ஒற்றை வரியில் சுருக்கியபோது பூட்டு காணாமல் போய்விட்டது. யாரும் பொய் எழுதவில்லை. சுருக்கினால் அப்படித்தான் ஆகும்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. என் மேலேயும்தான். வருஷா வருஷம் அந்த அறையில் நின்று டீ கொடுத்திருக்கிறேன், ஒற்றுப் பிழையெல்லாம் காதில் விழும், இது விழவில்லை.

"உங்களுக்குப் பூட்டு குடுத்தாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"இன்னா பூட்டு?" என்றார் அக்கா.

ஃபிட்டர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அக்காவின் விளக்கக் கடிதத்தை அப்போதே எழுதினேன். நீட்டி முழக்கவில்லை. 'எனக்குப் படித்துக் காட்டப்பட்டது முன்னுரை. அதில் உள்ளபடி செய்தேன். முன்னுரையின் நகலை இணைத்துள்ளேன். பூட்டு எனக்கு வழங்கப்படவில்லை.' அக்கா இடது கையால் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்ததும் என் கண் கலங்கிவிட்டது, மறைக்க வேறு பக்கம் திரும்பி ஸ்டேப்ளரைத் தேடினேன்.

மறுநாள் காலை சேஃப்டி ஆபீசர் அறைக்குப் போனேன். விஷயத்தில் கை வைக்காதே என்றவரிடம் விஷயத்தைப் பற்றியே பேசப் போகிறோமே என்று வாசலில் ஒரு நிமிஷம் நின்றேன். ஆனால் வாயைத் திறந்தால் எனக்கு மூடத் தெரியாது.

"சார், இந்த முன்னுரைய மொத்தமா மாத்தணும்."

"ஒற்றுதானே பாக்கச் சொன்னேன்?"

"ஒற்று சரியா இருக்கு சார். விரல்தான் போயிடுச்சு."

அவர் முகம் சிவந்துவிட்டது. "இன்னாம்மா பேசற? அத்தியாயத்துல ஒவ்வொரு வரியும் நான் உக்காந்து எழுதனது. அதைப் படிக்காதது யார் தப்பு? முன்னுரைன்னா புத்தகத்துல இன்னா இருக்குன்னு சொல்றதுதானே?"

"அது பொருளடக்கம் சொல்லிடும் சார். முன்னுரை சொல்ல வேண்டியது வேற. எதுக்கு இந்தப் புத்தகம், யாருக்கு, இத வெச்சு என்ன செய்யணும், கம்பெனி இதுல என்ன வாக்குக் குடுக்குது. நீங்க எழுதினதுல இது நாலுல ஒண்ணுகூட ஒழுங்கா இல்ல. நாலு பக்கம் படிச்சதும் முழுப் புத்தகத்தையும் படிச்சிட்ட மாதிரி ஆயிடுது. அப்புறம் எவன் உள்ள போவான்?"

சொல்லிவிட்டு முன்னுரையையும் ஆறாம் அத்தியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஒற்றை வரியைப் படித்தார். பிறகு அத்தியாயத்தைப் படித்தார். திரும்பவும் வரியைப் படித்தார். மேசையில் இருந்த போல்ட் ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பாவமாகிவிட்டது, இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

"நாளைக்குள்ள ஒண்ணு எழுதிக் காட்டு" என்றார் கடைசியில். "பாக்கறேன்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் ரயிலில் ஒரு சிவப்புப் பென்சிலும் ஒரு நீலப் பென்சிலும் எடுத்துக்கொண்டேன். 'எதற்கு, யாருக்கு, எப்படி, யார் பொறுப்பு' என்று சொல்கிற வாக்கியத்துக்கு நீலம். அத்தியாயத்துக்குள் இருப்பதைத் திரும்பச் சொல்கிற வாக்கியத்துக்குச் சிவப்பு. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டே வந்தேன். கவரைப்பேட்டை வந்தபோது தாள் முழுக்கச் சிவப்பு. நீலம் இரண்டே இடத்தில். எதிரே இருந்த அம்மா, "டீச்சரா? பசங்க எல்லாம் ஃபெயிலா?" என்று கேட்டார்.

சிவப்பை எல்லாம் அப்படியே அடித்துவிடவும் கூடாது. அந்த வாக்கியத்தில் உள்ள செய்தி உரிய அத்தியாயத்தில் நிஜமாகவே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்த்தது நல்லதாயிற்று. காதடைப்பான் பழசானால் ஸ்டோரில் கொடுத்துப் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்ற ஒரு செய்தி முன்னுரையில் மட்டும்தான் இருந்தது, அத்தியாயத்தில் இல்லை. அதைப் பத்திரமாக அத்தியாயத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தேன். எந்த வேலைக்கு எந்த அத்தியாயம் என்று தேடுகிறவருக்கு வழி வேண்டுமே என்று பொருளடக்கத்தில் ஒவ்வொரு தலைப்புக்குக் கீழும் 'யார் படிக்க வேண்டும்' என்று மட்டும் ஒரு வரி சேர்த்தேன். எப்படிச் செய்வது என்று ஒரு சொல் கூடச் சேர்க்கவில்லை. சூடு பட்டாயிற்றே.

பிறகு எழுத உட்கார்ந்தேன். 'பாதுகாப்பு என்பது மனித வாழ்வின் இன்றியமையாத' என்று கை தானாக எழுதியது. அடித்தேன். 'விலைமதிப்பற்ற மனித உயிர்' என்று வந்தது. அதையும் அடித்தேன். அக்கா எதிரில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு என்ன சொல்வேன் என்று யோசித்தேன். அப்புறம் சட்டென்று வந்துவிட்டது. இதுதான் அது:

'காலையில் வேலைக்கு வந்த நீங்கள், வந்தபடியே மாலையில் வீடு திரும்ப வேண்டும். இந்தக் கையேடு அதற்காகத்தான்.

இந்த ஆலைக்குள் கால் வைக்கும் எல்லாருக்கும் இது உரியது. நிரந்தரம், ஒப்பந்தம், பயிற்சி என்ற வேறுபாடு இதில் இல்லை.

இந்தப் பக்கத்தைப் படித்ததால் எந்த வேலையும் செய்யத் தெரிந்துவிடாது. பொருளடக்கத்தில் உங்கள் வேலைக்கான அத்தியாயத்தைப் பார்த்து அதை முழுமையாகப் படியுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வேலை மாறினால் புதிய அத்தியாயத்தைப் படியுங்கள். புரியும்வரை தொடங்க வேண்டாம்.

ஆபத்து என்று உங்களுக்குத் தோன்றினால் வேலையை நிறுத்துங்கள். நிறுத்தியதற்காக உங்கள்மேல் எந்த நடவடிக்கையும் இருக்காது. இதற்கு நான் பொறுப்பு.'

கீழே ஆலை மேலாளர் கையெழுத்துக்கு இடம். சத்தமாகப் படித்துப் பார்த்தேன். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

சேஃப்டி ஆபீசர் அதைப் படித்தார். "நல்லா இருக்கு" என்றார், அவ்வளவுதான். ஆனால் ஓர் இடத்தில்கூடப் பேனா வைக்கவில்லை. அவர் பேனா வைக்காமல் தாளைத் திருப்பிக் கொடுத்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. "என்னைவிட மத்தவங்கதான் குதிப்பாங்க, தயாரா இரு" என்றார்.

குதித்தார்கள். மேலாளர் அறையில் பாதுகாப்புக் குழுக் கூட்டம். ஒவ்வோர் அத்தியாயத்தையும் அந்தந்தப் பிரிவுத் தலைவர் பார்த்துக் கொடுத்திருந்தார். முன்னுரையில் தன் அத்தியாயத்தைக் காணோம் என்றதும் கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன சித்தப்பாக்கள் மாதிரி ஆளாளுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பெயிண்ட் பிரிவுத் தலைவர், "ரசாயனத்தைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லாம ஒரு பாதுகாப்பு முன்னுரையா?" என்றார். கிரேன் பிரிவுக்காரர், "இப்பத்தான் புதுசா ஒரு அத்தியாயம் குடுத்தேன், அதுவும் போச்சா?" என்றார். மின்சாரப் பிரிவுத் தலைவர் தாளைப் புரட்டிப் பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

நான் எழுந்து நின்றேன். அந்த அறையில் அதுவரை நான் நின்றதெல்லாம் பிஸ்கட் தட்டோடுதான்.

"உங்க அத்தியாயம் எதுவும் போகல சார். அது உள்ள முழுசா இருக்கு. உங்க பிரிவுகளுக்கு நன்றி சொல்ல கடைசில ஒரு பக்கம் வெச்சிருக்கேன், எல்லாப் பிரிவும் அதுல இருக்கு. ஆனா ரசாயன அத்தியாயத்த ஒரே வரில சொல்லிடுங்க பாப்போம். எந்த எச்சரிக்கைய விடுவீங்க?"

பெயிண்ட் பிரிவுத் தலைவர் வாயைத் திறந்தார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "எதையும் விட முடியாதே" என்றார்.

"அதான் சார்" என்றேன். என் குரல் கொஞ்சம் கூடிவிட்டது.

மேலாளர் அதுவரை அக்காவின் விளக்கக் கடிதத்தையும் இணைத்திருந்த நகலையும் புரட்டிக்கொண்டிருந்தார். நல்லவர்தான், ஆனால் உற்பத்தி குறைந்தால் தூக்கம் வராது அவருக்கு. புது முன்னுரையின் கடைசிப் பத்தியில் விரலை வைத்தார். "இது வேணுமா? 'எந்த நடவடிக்கையும் இருக்காது', 'நான் பொறுப்பு'. இப்படி எழுதிக் குடுத்தா ஆளாளுக்கு நிறுத்திக்கினு உக்காந்துடுவாங்க. பேஜாராயிடும். இத மட்டும் எடுத்துடலாம், மத்ததெல்லாம் ஓகே."

அந்தப் பத்தி இல்லையென்றால் மீதி இருப்பது வெறும் அறிவுரை. இந்தப் புத்தகம் எதற்கு என்று சொல்கிற இடமே அதுதான். சொல்ல வாய் வரவில்லை. எனக்கு வாய் வராமல் போனது அந்த ஒரு தடவைதான்.

ஃபிட்டர் அண்ணன்தான் பேசினார். "சார், அன்னிக்கு அந்த அக்கா எதுக்குக் கை விட்டாங்க தெரியுமா? பெல்ட் நின்னா லைன் நிக்கும், லைன் நின்னா திட்டு விழும். பராமரிப்பு ஆளக் கூப்டுங்கன்னு யார்கிட்டயாவது சொன்னாலும் திட்டு விழும். அந்தப் பயத்துல சீக்கிரமா முடிக்கலாம்னு கைய விட்டாங்க. புக்கு ஆயிரம் சொல்லட்டும் சார். திட்ட மாட்டேன்னு நீங்க சொன்னாத்தான் அவங்க நிறுத்துவாங்க. வேற யார் சொன்னாலும் நிறுத்த மாட்டாங்க."

அப்போது சேஃப்டி ஆபீசர் எழுந்தார். சட்டைப்பையில் போல்டுகள் குலுங்கின.

"சார், பழைய முன்னுரைய எழுதினது நான். கையெழுத்து உங்களுது, எழுத்து என்னுது. அதுல பூட்டு இல்ல. அந்தம்மா செஞ்சது நான் எழுதினபடிதான். மெமோ குடுக்கறதுன்னா முதல்ல எனக்குக் குடுங்க." இத்தனை வருஷத்தில் தன் வேலையில் ஒரு குறை என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்த மனிதருக்கு அதைச் சொல்ல எவ்வளவு வலித்திருக்கும். எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு.

மேலாளர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டார். அக்காவின் மெமோவை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'திரும்பப் பெறப்படுகிறது' என்று எழுதிக் கீழே இன்னொரு கையெழுத்து. "பூட்டு எத்தினி வேணும்னு லிஸ்ட் குடுங்க" என்றார் ஃபிட்டர் அண்ணனிடம். அவ்வளவுதான், கூட்டம் முடிந்தது. வெளியே வந்து நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக ஒரு அழுகை அழுதேன். சந்தோஷத்தில்தான்.

புத்தகம் அச்சாகி வந்தது. வடநாட்டுத் தொழிலாளர்களுக்காக இந்தியிலும் ஒன்று; முன்னுரை ஒரு பக்கம்தானே, மொழிபெயர்த்தவருக்கும் சுலபமாகப் போயிற்று. பயிற்சி அறையில் வழக்கமும் மாறியது. முன்னுரையைப் படித்து முடித்ததும் இப்போது யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. "உன் வேலை எந்த அத்தியாயம்? எடு" என்கிறார் சேஃப்டி ஆபீசர். ஆளைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய், அதைப் படித்து, இயந்திரத்துக்கு முன்னால் செய்து காட்டச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்து. நேரம் அதிகம் பிடிக்கிறது. டீயும் இரண்டு ரவுண்டு தேவைப்படுகிறது. கொடுத்துவிட்டுப் போகிறேன்.

அக்கா கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பினார். இடுப்பில் சிவப்புப் பூட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "தாலிக்கு அடுத்து இதான் மேடம், எங்கயும் கழட்டறதில்ல" என்று சிரித்தார். வீட்டுக்காரர் போன பிறகும் தாலியைப் பற்றி இப்படிக் கிண்டலாகப் பேச அவரால்தான் முடியும்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம். நான் வருகைப் பதிவேட்டை வாங்கப் பிரஸ்கள் ஓடும் பக்கம் போயிருந்தேன். திடீரென்று கன்வேயர் நின்றது. பின்னாலேயே பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தச் சத்தம் நின்றால் காதுக்குள் ஒரு மாதிரி இருக்கும். சூப்பர்வைசர் ஓடி வந்தார். அக்கா மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பூட்டு போட்டிருந்தது, அட்டை மாட்டியிருந்தது, சாவி பையில். பெல்ட்டின் ஓரத்து மூடி ஒன்று கழன்று தொங்கிக்கொண்டிருந்ததாம். பராமரிப்புக்குச் சொல்லிவிட்டு ஆள் வரக் காத்திருந்தார்.

"லாரி நிக்குதுக்கா, அரை மணி நேரத்துல லோடு போவணும். மூடிய அப்புறம் பாத்துக்கலாம், திற" என்றார் சூப்பர்வைசர்.

"மாட்டேன்."

"மேனேஜர் வர்றார்."

நிஜமாகவே மேலாளர் வேகமாக வந்துகொண்டிருந்தார். கையெழுத்துப் போடுவது ஒன்று, லாரி நிற்கும்போது அதை நினைவில் வைத்திருப்பது வேறு. ஒரு பக்கம் எழுதிவிட்டு நான் போய்விட்டேன். மாட்டிக்கொண்டு நிற்பது அக்கா.

"யார் லைன நிறுத்தினது?" என்றார் மேலாளர். "யார் சொல்லி நிறுத்தினீங்க?"

அக்கா நகம் பாதி வளர்ந்த அந்தக் கையால் பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் சார் சொன்னீங்க. மொதப் பக்கத்துல, கையெழுத்துப் போட்டு."

மேலாளர் நின்றுவிட்டார். தொங்கிக்கொண்டிருந்த மூடியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், அக்காவின் விரலைப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரிடம் திரும்பினார்.

"லாரிய நிக்கச் சொல்லுங்க" என்றார்.